சேர்ந்து வாழ்ந்து பிரிந்த பின் பொருள், படம், நட்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரே வாடகை வீட்டில் நான்கரை ஆண்டுகள் ஒருவருடன் வாழ்ந்து, பிறகு பிரிந்தவள் நான். அதன் பின் தோழிகளும், தோழிகளின் தம்பிகளும், அலுவலகத்தில் உடன் இருப்பவர்களும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் அழைப்பு வரும். அந்தப் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கானது. திருமணம் ஆனவர்களுக்குச் சீதனம், ஜீவனாம்சம் என்று சட்டம் தனியாகப் பேசுகிறது. அதற்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிவது என்று முடிவாகிவிட்டது. முதலில் எதில் கை வைப்பது?

படங்களில். எல்லோரும் கட்டிலையும் பிரிட்ஜையும் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். பிரிட்ஜ் நாளைக்கும் சமையலறையில் நிற்கும். படங்கள் ஒருவர் கோபத்தில் ஒரு விரலால் தொட்டாலே போய்விடும். ஆகவே பிரிக்கும் பேச்சைத் தொடங்கும் முன்பே இருவருக்கும் பொதுவான படங்களை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், பிரதி மட்டும் எடுங்கள்.

பொருட்களுக்கு இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம். நண்பர்களுக்குச் செய்தி சொல்வது அந்த முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். யார் யாருடன் நெருக்கமாகத் தொடர்வது என்பது தானாகத் தெளிவதற்கு மாதங்கள் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது.

நான்கு வருடம் அவருக்காக எவ்வளவோ செலவு செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் கணக்கில் எழுதலாமா?

கூடாது. இன்று கையால் தொடக்கூடிய பொருளும், இன்று யாரிடமாவது நிற்கும் பணமும் மட்டுமே கணக்கில் வரும். கொடுத்த வாடகை, மளிகை, ஓட்டல் பில், கொடைக்கானல் பயணம், பெட்ரோல் எல்லாம் அன்றன்றைக்கு வாழ்ந்து தீர்த்தவை. அவற்றை எழுத ஆரம்பித்தால், சமைத்த நாட்களையும் காய்ச்சலில் பக்கத்தில் இருந்த இரவுகளையும் மற்றவர் எழுத ஆரம்பிப்பார். அப்படித் தொடங்கிய எந்தக் கணக்கும் முடிந்ததை நான் பார்த்ததில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு: கடன் என்று சொல்லியே கொடுத்த பணம். ‘அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு லட்சம் கொடு, ஜூனில் தருகிறேன்’ என்ற செய்தி போனில் இருந்தால் அது கடன்தான். அது பட்டியலில் வரும்.

பட்டியலை எப்படி எழுதுவது? வீட்டில் ஸ்பூன் வரை எண்ண வேண்டுமா?

வேண்டாம். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். உறவுக்கு முன்பே உங்களிடம் இருந்தவை அல்லது உங்கள் வீட்டார் உங்களுக்கென்று கொடுத்தவை ஒரு பத்தி; அவருடையவை ஒரு பத்தி; சேர்ந்து வாங்கியவை மூன்றாவது. முதல் இரண்டு பத்தியில் பேச்சுக்கே இடமில்லை, எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றாவது பத்தியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இன்றைக்கு விலை போகக்கூடியதை மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ள பாத்திரம், வாளி, திரைச்சீலை எல்லாவற்றையும் மாறி மாறி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுவது நல்லது. இரண்டு தாளிலும் ஒரே பொருள் வேறு வேறு பத்தியில் இருந்தால், சண்டை வரப்போகும் இடம் அதுதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பிரிட்ஜ் பில் அவர் பெயரில், தவணை கட்டியது நான். யாருக்குச் சொந்தம்?

வழக்கு என்று போனால் பில்லும், பணம் போன வங்கிக் கணக்கும் சாட்சி. உங்கள் இருவருக்குள் தீர்க்கும்போது பணம் யாருடையது என்பதையே பாருங்கள்; பில்லில் பெயர் பெரும்பாலும் அன்றைக்கு யாருடைய கார்டில் தள்ளுபடி கிடைத்தது என்பதைத்தான் சொல்கிறது. முழுத் தவணையும் நீங்கள் கட்டியிருந்தால் அது உங்களுடையது. நீங்கள் தவணை கட்டினீர்கள், அவர் அதே மாதங்களில் வாடகையைக் கூடுதலாகக் கொடுத்தார் என்றால், அது சேர்ந்து வாங்கியது.

இன்னும் தவணை பாக்கி இருந்தால் அதைக் கழித்துவிட்டு மதிப்பிடுங்கள். இன்று 14,000 ரூபாய்க்கு விலை போகும் பிரிட்ஜில் 6,000 ரூபாய் தவணை பாக்கி என்றால், நீங்கள் பங்கு போடுவது 8,000 ரூபாயைத்தான். பொருளை எடுத்துக்கொள்பவர் மீதித் தவணையையும் எடுத்துக்கொள்கிறார். ஆனால் வங்கிக்கு உங்கள் இருவருக்குள் நடந்த ஏற்பாடு தெரியாது. கார்டு அவர் பெயரில் இருந்து பொருள் உங்களிடம் வந்தால், பாக்கி முழுவதையும் அவரிடம் இப்போதே கொடுத்து முடித்துவிடுங்கள். மாதா மாதம் அனுப்புகிறேன் என்றால், மாதா மாதம் ஒரு முறை மனம் கசக்கும்.

இரண்டு பேருக்கும் அதே பொருள் வேண்டும். அல்லது விலையில் உடன்பாடு இல்லை. என்ன செய்வது?

துண்டுச் சீட்டு முறை. என் தோழி ஒருத்தியும் அவள் இணையும் பெருங்குடி வீட்டைக் காலி செய்தபோது இப்படித்தான் செய்தார்கள். அவள் அனுமதியோடு அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். முறை எளியது: ஒவ்வொரு பொருளுக்கும் ‘எனக்கு இது எவ்வளவு மதிப்பு’ என்பதை இருவரும் மற்றவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுத வேண்டும். ஒன்றாகத் திறக்க வேண்டும். அதிகம் எழுதியவர் பொருளை எடுத்துக்கொள்கிறார். இரண்டு தொகைக்கும் நடுவில் உள்ள தொகையின் பாதியை மற்றவருக்குக் கொடுக்கிறார்.

பிரிட்ஜுக்கு அவள் 11,000 எழுதினாள், அவன் 9,000. நடுத்தொகை 10,000. அவள் எடுத்துக்கொண்டாள், அவனுக்கு 5,000 தர வேண்டும். அவன் கணக்குப்படி அவனுடைய பாதி 4,500தான் பெறும், ஆனால் 5,000 கிடைக்கிறது. அவள் கணக்குப்படி அவனுடைய பாதிக்கு 5,500 கொடுத்திருக்கலாம், ஆனால் 5,000 போதும். இருவருக்கும் ஐந்நூறு ஐந்நூறு லாபம். வாஷிங் மெஷினுக்கு அவள் 7,000, அவன் 10,000, நடுத்தொகை 8,500, அவன் எடுத்து 4,250 தர வேண்டும். டிவிக்கு அவள் 8,000, அவன் 12,000. அவன் எடுத்து 5,000 தர வேண்டும். சோபாவும் கட்டிலும் இருவருக்கும் வேண்டாம். பழைய சாமான் வாங்குபவரிடம் 6,000 ரூபாய்க்குப் போயின, ஆளுக்கு 3,000 அன்றே கைக்கு வந்தது. ஆக, அவன் தர வேண்டியது 9,250, அவள் தர வேண்டியது 5,000. கழித்தால் அவன் அவளுக்கு 4,250 ரூபாய் தர வேண்டும்.

இந்த முறை எங்கே தவறும் என்றும் சொல்ல வேண்டும். ஒருவரிடம் பணமே இல்லை என்றால் அவர் எப்போதும் குறைவாகவே எழுதுவார், எல்லாப் பொருளும் மற்றவரிடம் போய்விடும். அப்படியானால் விலையை விட்டுவிட்டு மாறி மாறி எடுங்கள். முதலில் எடுப்பவர் யார் என்று சீட்டுக் குலுக்குங்கள். இன்னொன்று: மற்றவருக்கு அந்தப் பொருள் உயிர் என்று தெரிந்து, விலையை ஏற்றுவதற்காகவே சிலர் பெரிய தொகை எழுதுவார்கள். பொருள் தன் தலையிலேயே விழும் ஆபத்து இருப்பதால் பெரும்பாலும் ஒரு தடவைக்கு மேல் செய்ய மாட்டார்கள்.

வீட்டு அட்வான்ஸ் யாருக்குத் திரும்பும்?

வீட்டுக்காரர், ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவரிடம்தான் தருவார். அதனால் பெயர் இல்லாதவர்தான் கவனமாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த அன்று யார் கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்பதை வங்கிப் பதிவில் எடுத்து, காலி செய்யும் முன்பே இருவரும் ஒப்புக்கொண்டு ஒரு செய்தியாக அனுப்பிக்கொள்ளுங்கள்.

அதே தோழியின் கணக்கு: வாடகை 25,000, அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 75,000. அதில் அவள் 50,000, அவன் 25,000. காலி செய்யும்போது வெள்ளையடிக்கவும் சில்லறைப் பழுதுக்கும் வீட்டுக்காரர் 12,000 பிடித்துக்கொண்டார். அட்வான்ஸைக் கொடுத்த விகிதத்தில் பிடித்தத்தையும் பிரிக்க வேண்டும் என்று அவன் முதலில் சொன்னான். அப்படியென்றால் அவளுக்கு 8,000 நஷ்டம். சுவர் அழுக்கானது இருவர் வாழ்ந்ததால்தான் என்று பேசி, ஆளுக்கு 6,000 என்று முடித்தார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. திரும்பி வந்த 63,000 அவன் கணக்கில் விழுந்தது. அதில் அவள் பங்கு 44,000. மேலே சொன்ன 4,250ஐயும் சேர்த்து 48,250 ரூபாயை ஒரே தடவையில் அனுப்பினான். அனுப்பும்போது குறிப்பில் ‘பெருங்குடி வீடு, பொருள், அட்வான்ஸ், முழுக் கணக்கும் முடிந்தது’ என்று எழுதினான். அந்த ஒரு வரி பிறகு எழக்கூடிய பல பேச்சுகளை அடைத்துவிட்டது.

ஒருவர் அதே வீட்டில் தொடர்கிறார் என்றால், அட்வான்ஸ் வீட்டுக்காரரிடமே இருக்கும். தங்குபவர் தன் கையிலிருந்து போகிறவரின் பங்கைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் போகிறவரின் பெயர் இருந்தால், அதை நீக்கிப் புதிதாக எழுதிக்கொள்ளும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

அவர் கொடுத்த பரிசுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? சங்கிலி கேட்கிறார்.

பரிசு, வாங்கிக்கொண்டவருடையது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி கைக்கு மாற்றக்கூடிய பொருளைக் கொடுத்து, மற்றவர் ஏற்றுக்கொண்டதுமே தானம் முழுமையாகிவிடுகிறது. மனம் மாறியதால் மட்டும் திரும்பக் கேட்க முடியாது. கடையில் வாங்கிக் கொடுத்த சங்கிலி என்றால் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் அவருடைய பாட்டி போட்டிருந்த சங்கிலி என்றால், என் கருத்து வேறு. கொடுத்துவிடுங்கள். அது அவர் வழியாக உங்களிடம் வந்ததே தவிர, அந்தக் குடும்பத்தில் அதற்கு இன்னும் வாரிசுகள் இருக்கிறார்கள். இதையே பணத்தின் பக்கமிருந்து பார்த்து ‘அப்படியானால் நான் கொடுத்த போனைத் தா’ என்று தொடங்க வேண்டாம். போன் பரிசு, முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் படியுங்கள்.

வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது அவர். அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. பொருட்களில் இது ஒன்றுதான் உங்களைப் பின்னாலேயே துரத்திவரும். அவர் சிக்னலைத் தாண்டினால் அபராதம் உங்களுக்கு. விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான். விற்றுவிட்டாலும் பெயர் மாற்றாதவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

விலையைத் துண்டுச் சீட்டு முறையிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள். வண்டிக் கடன் இருந்தால் அதை முடித்து, வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35ஐயும் சேர்க்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் புதியவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெயர் மாறும் வரை வண்டி உங்கள் வாசலில் நிற்கட்டும்.

பூனையை எப்படிப் பிரிப்பது?

பூனைக்குச் சீட்டுப் போடாதீர்கள். அதற்குத் தினமும் சோறு வைத்தது யார், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனது யார், புதிதாகப் போகும் வீட்டில் அனுமதி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். விடுதிக்குப் போகிறவர் எவ்வளவு அழுதாலும் பூனையை அங்கே கொண்டுபோக முடியாது. வாரம் மாற்றி வாரம் என்பது நாய்க்கு ஓரளவு சரிப்படும், பூனை இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி.

பொதுவாக வைத்திருந்த ஆல்பத்தை விட்டு வெளியேறினால் என் படங்கள் என்ன ஆகும்?

இங்கேதான் நான் தவறு செய்தேன். எங்கள் கூகுள் போட்டோஸ் பகிர்வு ஆல்பத்தில் அவர் கேமராவில் எடுத்த என் அப்பாவின் மணிவிழாப் படங்கள் இருந்தன. ஒரு கோபத்தில் ஆல்பத்தை விட்டு வெளியேறினேன். மறு வாரம் அவர் ஆல்பத்தையே நீக்கிவிட்டார். அந்தப் படங்களை நான் என் கணக்கில் சேமித்திருக்கவே இல்லை. ஆல்பத்தில் பார்க்க முடிந்ததால் அவை என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இப்போது இல்லை.

ஆகவே வரிசை முக்கியம். கூகுள் போட்டோஸில் மற்றவர் போட்ட படம் உங்களுடையதாக வேண்டுமென்றால், ஆல்பத்துக்குள் போய் அதை உங்கள் கணக்கில் சேமிக்க வேண்டும். சேமித்த பிறகு அவர் அழித்தாலும் உங்கள் பிரதி இருக்கும். நீங்கள் வெளியேறினால் நீங்கள் போட்ட படங்களும் ஆல்பத்திலிருந்து நீங்கும், அதனால் அவருக்கும் சேமிக்க ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஐபோனில் Shared Library என்று இருவரும் பகிரும் பட நூலகம் வைத்திருந்தால் விஷயம் வேறு. அங்கே ஒருவர் அழிக்கும் படம் எல்லோருடைய போனிலிருந்தும் போகும். நூலகத்தை மொத்தமாகக் கலைக்க அதைத் தொடங்கியவரால்தான் முடியும். ஆனால் ஏழு நாட்களுக்கு மேல் அதில் இருந்தவர் வெளியேறும்போது, முழு நூலகத்தையும் தன் சொந்த நூலகத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ள வாய்ப்பு கேட்கும். அப்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

தவறி அழித்துவிட்டால் உடனே குப்பைக் கூடையைப் பாருங்கள். ஐபோனில் சுமார் 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் மேலே ஏற்றப்பட்ட படம் 60 நாள் இருக்கும்.

பார்த்தாலே வலிக்கிறது. எங்கள் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?

இப்போது வேண்டாம். அந்தப் படங்களில் நீங்கள் இருவர் மட்டும் இல்லை. உங்கள் இருபத்தேழாவது வயது இருக்கிறது, பழைய வீட்டு மாடி இருக்கிறது, இறந்துபோன யாரோ பின்னணியில் சிரித்துக்கொண்டிருப்பார். ஹார்டு டிஸ்க்கில் எடுத்த பிரதியை ஓர் உறையில் போட்டு, அக்காவிடமோ அம்மாவிடமோ கொடுத்து வையுங்கள். அதன் பிறகு போனிலிருந்து தாராளமாக நீக்கலாம். நினைவுகள் என்று போனே தானாகக் காட்டும் பகுதியில் ஒரு முகத்தை மறைக்கும் வசதி கூகுள் போட்டோஸில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ‘மூன்று ஆண்டுகளுக்கு முன்பு’ என்று அவர் முகம் வந்து நிற்பதை அது தடுக்கும்.

அச்சிட்ட படங்களுக்கு ஒரே பிரதிதான் இருக்கும். போனிலேயே தெளிவாக ஸ்கேன் செய்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அசல், அதில் யாருடைய குடும்பத்தார் இருக்கிறார்களோ அவருக்கு.

இன்ஸ்டாகிராமில் அவர் இன்னும் எங்கள் படத்தை வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

கேட்கலாம், ஒரு முறை, தெளிவாக: ‘என் முகம் உள்ள படங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் நீக்கிவிடுங்கள்.’ பெரும்பாலோர் செய்வார்கள். சாதாரணப் படத்தில் பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே போகிறது, படத்தில் இருப்பவருக்கு இல்லை. அதனால் கடற்கரையில் சேர்ந்து நிற்கும் படத்துக்காகச் சண்டை போட்டு ஜெயிப்பது கடினம். உங்கள் பெயரை இணைத்திருந்தால் அந்த இணைப்பை நீங்களே நீக்கிவிடலாம், அவர் அனுமதி தேவையில்லை. அதோடு விடுவதே நல்லது என்பேன். அடுத்த பதிலில் வரும் படங்கள் வேறு.

அந்தரங்கப் படங்கள் அவரிடம் இருக்கின்றன. அழித்துவிட்டேன் என்கிறார். நம்புவதா?

எதிரெதிரே அமர்ந்து, இருவரும் சேர்ந்து அழியுங்கள். நான்கு இடம் பார்க்க வேண்டும்: போனின் படத் தொகுப்பு, அதன் குப்பைக் கூடை, வாட்ஸ்அப் உரையாடல், மேகக் கணினியில் உள்ள காப்புப் பிரதி. கடைசியைத்தான் மறந்துபோவார்கள். வாட்ஸ்அப்பில் இன்று அழித்தாலும் பழைய காப்புப் பிரதிக்குள் அது இருக்கும். அழித்த பின் புதிதாக ஒரு காப்புப் பிரதி எடுத்தால்தான் பழையது போகும். கூடவே உங்கள் வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தைத் திறந்து, அவருடைய மடிக்கணினி இணைந்திருந்தால் நீக்கிவிடுங்கள். இவ்வளவு செய்தாலும், வேறொரு பென் டிரைவில் இல்லை என்று யாராலும் உறுதி தர முடியாது. அதனால் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள்.

எடுக்கச் சம்மதித்தது, பரப்பச் சம்மதித்தது ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பற்றி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்: மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘வெளியிட்டுவிடுவேன்’ என்று மிரட்டினால் அந்தச் செய்தியைத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு, cybercrime.gov.in தளத்திலோ அருகில் உள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். படம் உங்களிடமும் இருந்தால் StopNCII.org உதவும். அங்கே படத்தை அனுப்பத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே படத்துக்கு ஒரு எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் போகிறது. இணைந்திருக்கும் சமூகத் தளங்கள் அந்த அடையாளத்தோடு ஒத்துப்போகும் படத்தைத் தடுக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பிய பின் எடுத்த படங்களுக்கு மட்டுமே அது.

நண்பர்களுக்கு யார் சொல்வது? ஒவ்வொருவராக அழைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

இருவரும் சேர்ந்து ஒரே செய்தியை எழுதுங்கள், ஒரே நாளில் இருவரும் அனுப்புங்கள். நான்கு வரி போதும். ‘நாங்கள் பிரிந்துவிட்டோம். இருவரும் பேசி எடுத்த முடிவு. காரணத்தை இருவருமே பேச விரும்பவில்லை. உங்கள் நட்பு எங்கள் இருவருக்கும் அப்படியே வேண்டும்; யார் பக்கமும் நிற்க வேண்டாம்.’ மிக நெருங்கிய இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அதற்கு முந்தைய நாள் குரலில் சொல்லுங்கள். அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து செய்தியாகப் படித்துத் தெரிந்துகொண்டால், அந்தக் காயம் நீண்ட நாள் இருக்கும்.

நான் இதைச் செய்யவில்லை. என் பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே இரவில் ஆறு பேரை அழைத்தேன். அதில் நான்கு பேர் பிறகு எங்கள் இருவரிடமிருந்துமே விலகினார்கள். தீர்ப்புச் சொல்லும் நிலையில் அவர்களை நான்தான் உட்கார வைத்தேன்.

எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யார் வெளியேறுவது?

குழு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அவருடைய கல்லூரி நண்பர்கள் குழுவில் நீங்கள் பிறகு சேர்ந்தவர் என்றால், நீங்கள் வெளியேறுங்கள். உங்கள் அலுவலகக் குழு என்றால் அவர். இப்போதெல்லாம் வெளியேறும்போது குழு நிர்வாகிக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது, அதனால் சங்கடம் குறைவு. சேர்ந்திருந்த காலத்தில் இருவருமாகச் சேர்த்துக்கொண்ட நண்பர்கள் என்றால் இருவருமே இருங்கள், மூன்று மாதம் ஒலியை அடக்கி வையுங்கள். அவரைத் தவிர மற்ற எல்லோரையும் போட்டுப் புதிய குழு தொடங்காதீர்கள். அது அவர் காதுக்கு ஒரு வாரத்துக்குள் போகும், நண்பர்களுக்கும் இரட்டை வேடம் போட வேண்டியதாகிவிடும்.

எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர், நான் சொல்வதை எல்லாம் அவரிடம் சொல்கிறார். நட்பை முறிக்கட்டுமா?

முறிக்கும் முன் ஒரு தடவை நேரில் சொல்லுங்கள்: ‘அவரைப் பற்றி உன்னிடம் இனி கேட்க மாட்டேன். என்னைப் பற்றி அங்கே சொல்லாதே.’ முதல் வாக்கியம் இல்லாமல் இரண்டாவது நிற்காது. ‘அவன் எப்படி இருக்கிறான், யாரையாவது பார்க்கிறானா’ என்று நீங்களும் கேட்டுக்கொண்டே இருந்தால், தூது போகும் பழக்கத்தை நீங்களே அந்த நண்பருக்குக் கொடுக்கிறீர்கள். அதன் பிறகும் பேச்சு போய்க்கொண்டிருந்தால், அவருடன் சினிமா, வேலை, உணவு என்று பேசுங்கள். மனதில் உள்ளதைப் பேச வேறு ஆளைத் தேடுங்கள்.

அவருடைய அம்மா இன்னும் என்னை ‘அம்மாடி’ என்று அழைத்துப் பேசுகிறார். எடுப்பதா, வேண்டாமா?

பொருட்களைவிடக் கடினமான கேள்வி இது. அந்த அம்மா உங்களைச் சேர்த்துக்கொண்டது மகனுக்காகத்தான் என்றாலும், அன்பு பிறகு தனியாகவே வளர்ந்திருக்கும். எடுங்கள். ஆனால் ‘நான் பேசுவதை அவரிடம் மறைக்க வேண்டாம் அத்தை’ என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மகனைத் திருத்திக் கொடு, சேர்ந்துவிடுங்கள் என்று பேச்சு திரும்பினால், அன்றைய அழைப்பை அதோடு முடியுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நலம் கேட்கும் அளவுக்கு அது தானாகக் குறைந்துவிடும். அவருக்குப் புதிய மருமகள் வந்த பிறகு அழைப்பை நீங்கள் தொடங்காதீர்கள். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அது சங்கடம்.

நண்பனின் திருமணத்துக்கு இருவரையும் அழைத்திருக்கிறார்கள். போகாமல் இருந்துவிடவா?

போங்கள். நம் திருமணங்களில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டு வேளை இருப்பதே வசதி. ஒருவர் வரவேற்புக்கும் ஒருவர் முகூர்த்தத்துக்கும் என்று முன்பே செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளுங்கள். மணமக்களுக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மொய் தனித்தனியாக எழுதுங்கள், பழைய பழக்கத்தில் இரண்டு பெயரும் சேர்ந்துவிடாமல்.

நான் எல்லாம் தயார். அவர் பேசவே மறுக்கிறார், என் சான்றிதழ்கள்கூட அவர் வீட்டில் இருக்கின்றன.

மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள்: என்னென்ன பொருள், எந்த நாள், யார் வந்து எடுப்பார். இருவருக்கும் மரியாதை உள்ள ஒருவரை, முடிந்தால் வயதில் மூத்தவரை, அனுப்புங்கள்; நீங்கள் போக வேண்டாம். சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் ஆகியவை பேரத்துக்கு உரியவை இல்லை. அவற்றைத் தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். பயம் இருந்தால் பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள்; கை ஓங்கும் அளவுக்குப் போயிருந்தால் 112. அப்படிப்பட்ட வீட்டில் பிரிட்ஜையும் டிவியையும் விட்டுவிட்டு வாருங்கள், மேலே எழுதிய கணக்குகள் எதுவும் அங்கே பொருந்தாது.

ஓராண்டுக்குப் பின் ஒரு பெட்டியில் அவருடைய அப்பாவின் கைக்கடிகாரம் கிடைத்தது. இப்போது போய்ப் பேசுவதா?

பேச வேண்டியதில்லை, அனுப்பினால் போதும். பஞ்சு சுற்றி, காப்பீட்டோடு ஸ்பீட் போஸ்டிலோ கூரியரிலோ அனுப்புங்கள். ‘பெட்டியில் இருந்தது. உங்களிடம் சேர வேண்டியது’ என்று ஒரு துண்டுத் தாள் வையுங்கள். வேறு எதுவும் அதில் எழுத வேண்டாம். வந்து சேர்ந்ததா என்பதைத் தபால் எண்ணை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.